ஐயாவின் பேரேடு: கோடை கிளாஸாக மாற்றியதும் ஐந்து நிமிடம் ஓடுகிறது, காரணம் `+=` தானா?

வளவு வாசல் (கானாடுகாத்தான்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயாவின் ரங்கூன் கடைப் பேரேடுகளை நானும் சித்தப்பா மகனும் இரண்டு வருடமாகத் தட்டச்சு செய்து வருகிறோம். ஒரு பதிவுக்கு ஒரு வரி. இதுவரை 1,60,000 வரிகள் சேர்ந்திருக்கின்றன. இவற்றை உறவினர்கள் உலாவியில் திறந்து பார்க்கிற மாதிரி ஒரே எச்டிஎம்எல் பக்கமாக்க பைதானில் ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். ஒரு வரி இப்படி இருக்கும்:

```
<p n="412">சித்திரை 12 ௷ அரிசி வகை ௹ 45</p>
```

முதலில் எல்லாம் ஒரே ஃபங்ஷனில் இருந்தது. `out` என்று ஒரு வேரியபிள், லூப்புக்குள் `out += line`. மொத்தமும் ஒரு விநாடியில் முடிந்துவிடும். போன வாரம் வரவு, பற்று, ஐந்தொகை மூன்றுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இதை கிளாஸாக மாற்றினேன்.

```python
class LedgerPage:
    def __init__(self):
        self.out = ""

    def add(self, line):
        self.out += line
```

வேறு எதையும் தொடவில்லை. இப்போது அதே வேலைக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. 20,000 வரிகளை மட்டும் கொடுத்தால் 4 விநாடி, 40,000 கொடுத்தால் 17, 80,000 கொடுத்தால் 70. லூப்பில் ஒட்டிக்கொண்டே போகாதே, துண்டுகளை லிஸ்டில் சேர்த்துக் கடைசியில் `join` போடு என்று எங்கோ படித்த ஞாபகம். ஆனால் முன்பும் ஒட்டிக்கொண்டுதானே இருந்தேன்? அப்போது ஏன் இந்தத் தொல்லை இல்லை? அது புரியாமல் வெறுமனே கோடை மாற்ற மனசு வரவில்லை.

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, ஒட்டுவது மெதுவு என்பது பழைய கதை. பைதான் அதை எப்போதோ சரி செய்துவிட்டது. இப்போதுதான் என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன்:

```python
def test(n):
    out = ""
    for i in range(n):
        out += "௷ அரிசி வகை ௹ 45\n"
    return out
```

1,60,000 தடவைக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. `join` போட்டும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. கிளாஸில் மெத்தட் கூப்பிடுவதற்கு ஒரு செலவு உண்டு. இல்லாவிட்டால் ஃபைல் படிக்கிற இடத்தைப் பாருங்கள்.

கண்டனூர்

`join` எப்போதுமே மெதுவுதான். எங்கள் கடை சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் டேபிளையும் பில் டேபிளையும் ஜாயின் பண்ணினால் பத்து விநாடி ஆகும். இன்டெக்ஸ் போட்ட பிறகுதான் சரியானது. உங்கள் பதிவு எண்ணுக்கு இன்டெக்ஸ் இருக்கிறதா?

வளவு வாசல்

அண்ணே, இது டேட்டாபேஸ் ஜாயின் இல்லை. துண்டு துண்டான எழுத்தை ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்ப்பது. பெயர் மட்டும்தான் ஒன்று.

ரஸ்தா அண்ணே, மெத்தட் கூப்பிடுகிற செலவு என்றால் வரி இரட்டிக்கும்போது நேரமும் இரட்டிக்க வேண்டும் அல்லவா? எனக்கு நாலு மடங்காகிறது.

செக்காலை ஆச்சி (காரைக்குடி)

தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வரி இரண்டு மடங்கு, நேரம் நாலு மடங்கு. 4, 17, 70 என்ற மூன்று எண்களைப் பார்த்தாலே தெரிகிறது, ஒவ்வொரு வரிக்கும் அதுவரை சேர்ந்த எல்லாவற்றையும் திரும்பத் தொடுகிற வேலை ஏதோ நடக்கிறது. மெத்தட் செலவோ டிஸ்க்கோ இப்படி வளராது.

பைதானில் ஸ்ட்ரிங் ஒரு முறை உண்டானால் மாறாது. `a + b` என்றால் புது இடம் பிடித்து, `a` முழுவதையும் அங்கே பார்த்தெழுதி, அதன் பின்னால் `b`-யை எழுத வேண்டும். உங்கள் ஐயா கடையில் இன்றைக்கு ஒரு வரவு வந்தால் பேரேட்டின் கடைசியில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். நேற்று வரை உள்ள பேரேடு முழுவதையும் புது நோட்டில் பார்த்தெழுதிவிட்டு, அப்புறம் அந்த ஒரு வரியைச் சேர்த்து, பழைய நோட்டைக் கிழித்துப் போட்டால் எப்படி இருக்கும்? `self.out += line` அதைத்தான் செய்கிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வரிக்குச் சராசரியாக 60 குறிகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 96 லட்சம் குறிகள். தமிழ் எழுத்து கலந்த ஸ்ட்ரிங்கை பைதான் மெமரியில் குறிக்கு 2 பைட்டாக வைக்கும். ஆக முடிவான பக்கம் சுமார் 19 எம்பி. லூப்பின் தொடக்கத்தில் ஸ்ட்ரிங் சின்னது, கடைசியில் 19 எம்பி. சராசரியாக ஒவ்வொரு தடவையும் 9.6 எம்பியைப் பார்த்தெழுதுகிறது. அதை 1,60,000-ஆல் பெருக்குங்கள். ஒன்றரை டெராபைட் வருகிறது. 19 எம்பி பக்கம் ஒன்று செய்ய மெமரியில் ஒன்றரை டெராபைட் நகல். விநாடிக்கு ஐந்து ஜிபி வேகத்தில் நகலெடுத்தாலும் ஐந்து நிமிடம். உங்கள் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

இனி, முன்பு ஏன் வேகமாக இருந்தது என்பது. ரஸ்தா சொன்னதில் பாதி சரி. 2004-இல் வந்த பைதான் 2.4-இலிருந்து, நாம் வழக்கமாக ஓட்டும் பைதானான சிபைதானில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று சிபைதான் எண்ணிக்கை வைத்திருக்கும். `out += line` ஓடும்போது, அடுத்த கட்டளை இதே `out`-இல் திரும்ப வைப்பதுதானா என்று எட்டிப் பார்க்கும். ஆமாம் என்றால் `out`-இன் பிடியை முதலில் விடுவித்துவிடும். இப்போது அந்த ஸ்ட்ரிங்கை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை. யாரும் பார்க்காத பொருளை மாற்றினால் யாருக்கும் தெரியாது. அதனால் புது நோட்டு போடாமல், இருக்கிற இடத்தையே `realloc` கொண்டு நீட்டி, கடைசியில் `line`-ஐ மட்டும் எழுதிவிடும்.

`self.out` என்று வந்தவுடன் இது நடக்காது. அந்த ஸ்ட்ரிங்கை `self` ஒரு கையால் பிடித்திருக்கிறது. கூட்டுவதற்கு எடுத்த இடத்தில் இன்னொரு கை. எண்ணிக்கை இரண்டு. சிபைதான் எட்டிப் பார்ப்பது ஃபங்ஷனுக்குள் இருக்கும் சாதாரண வேரியபிளுக்கு மட்டும்தான். பொருளின் உள்ளே இருப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் முழு நகல்.

நீங்கள் கிளாஸாக மாற்றியபோது புதிதாக ஒரு தவறும் செய்யவில்லை, தம்பி. முன்பிருந்தே இருந்த தவறு அந்தச் சலுகையால் வெளியே தெரியாமல் இருந்தது.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி, நீங்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். என் `test`-இல் லூப்புக்குள் `keep = out` என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். உடனே நிமிடக் கணக்கில் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்று புரியவில்லை. `keep` எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பார்த்தேன்:

```python
out = out + line + "\n"
```

இதுவும் மெதுவு. `out` சாதாரண வேரியபிள்தான், வேறு யாரும் பிடிக்கவில்லை. `out += line + "\n"` என்று எழுதினால் பறக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

செக்காலை ஆச்சி

விடை ஒன்றுதான், வேலை நடக்கும் வரிசை வேறு. உங்கள் முதல் வடிவத்தில் இடமிருந்து வலமாக முதலில் `out + line` நடக்கிறது. அதற்கு அடுத்த கட்டளை `out`-இல் வைப்பது இல்லை, இன்னொரு கூட்டல். ஆகவே சலுகை இல்லை, முழு நகல். அதன் பிறகுதான் `"\n"` சேர்கிறது. இரண்டாவது வடிவத்தில் `line + "\n"` என்ற சின்னக் கூட்டல் முதலில் முடிந்துவிடுகிறது, அதை `out`-இன் பின்னால் ஒட்டுவது கடைசி வேலை. அங்கே சலுகை கிடைக்கிறது.

இதனால்தான் அந்தச் சலுகையை நம்பி எழுதக்கூடாது என்கிறேன். ஒரு வரியில் கூட்டலின் வரிசை மாறினால் போகும். யாராவது பிழை தேட ஒரு வேரியபிளில் நகல் பிடித்தால் போகும். `global` என்று போட்டு வெளியே உள்ள வேரியபிளில் சேர்த்தால் போகும். `bytes`-க்கு முதலிலிருந்தே கிடையாது. பைபை போல எண்ணிக்கை வைக்காத பைதான்களில் அறவே இல்லை. பைதானின் நடை வழிகாட்டியான PEP 8-இலேயே இதை நம்பாதீர்கள், வேகம் முக்கியமான இடத்தில் `''.join()` பயன்படுத்துங்கள் என்று எழுதியிருக்கிறது. போகும்போது பிழைச் செய்தி ஒன்றும் வராது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை. விடை சரியாகவே இருக்கும், நேரம் மட்டும் கூடும். சின்ன மாதிரித் தரவில் சோதிக்கும்போது அதுவும் தெரியாது. தம்பியின் 20,000 வரி 4 விநாடிதானே, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆத்தங்குடி

எங்கள் டைல் பட்டறையில் ஆர்டர் பக்கம் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. அங்கேயும் பத்தாயிரம் வரி லேபிளை `html += row` என்றுதான் சேர்க்கிறேன். ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே ஸ்ட்ரிங் மாறுமா?

செக்காலை ஆச்சி

அங்கேயும் மாறாது. ஆனால் குரோமில் உள்ள V8 வேறு தந்திரம் செய்கிறது. ஒட்டச் சொன்னால் உடனே நகலெடுக்காமல், "இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது" என்று குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். கோத்த பூச்சரம் மாதிரி தொடுத்துக்கொண்டே போகும். எப்போது உள்ளே இருக்கிற எழுத்தைப் பார்க்கக் கேட்கிறீர்களோ அப்போது ஒரே முறை எல்லாவற்றையும் நேராக எழுதும். உங்கள் லூப்பில் யாரும் உள்ளே பார்க்கவில்லை, அதனால் நன்றாக ஓடுகிறது.

ஆத்தங்குடி

இது பெரிய உதவி, ஆச்சி. போன வருடம் ஒரு முறை லேபிளில் இரட்டைக் கோடு விழுகிறது என்று, ஒவ்வொரு சுற்றிலும் `html[html.length - 1]` என்ன என்று பார்த்துவிட்டுச் சேர்க்கிற மாதிரி மாற்றினேன். பக்கம் நின்றுவிட்டது. காரணம் தெரியாமல் அதை எடுத்துவிட்டேன். இப்போது புரிகிறது, ஒவ்வொரு தடவையும் சரத்தை அவிழ்த்து நேராக்க வைத்திருக்கிறேன்.

செக்காலை ஆச்சி

அதேதான். முழு `html`-ஐப் பார்க்காமல், கடைசியாகச் சேர்த்த `row`-வின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அதே கேள்விக்கு அதே பதில், அவிழ்க்க வேண்டியதில்லை.

வளவு வாசல்

எல்லாம் புரிந்தது என்று நினைத்து `join`-க்கு மாற்றினேன். இரண்டு புதுச் சிக்கல். `add`-இல் `self.parts += line` என்று போட்டேன், கடைசியில் `"\n".join(self.parts)`. நேரம் குறைந்தது உண்மை. ஆனால் மெமரி அரை ஜிபிக்கு மேல் போனது. பக்கத்தைத் திறந்தால் இப்படி இருக்கிறது:

```
க
ா
ன
ா
ட
ு
```

கால் தனியாக, எழுத்து தனியாக. ஊர்ப் பெயரே உடைந்து கிடக்கிறது. தட்டச்சு செய்த ஃபைல் கெட்டுவிட்டதோ என்று பயந்து போனேன், அது நன்றாகத்தான் இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா

யூனிகோடு சிக்கல் மாதிரி தெரிகிறது. ஃபைலைத் திறக்கும்போது `encoding="utf-8"` கொடுத்தீர்களா?

செக்காலை ஆச்சி

என்கோடிங் இல்லை ரஸ்தா. என்கோடிங் தப்பினால் வேறு மொழி எழுத்தோ கேள்விக்குறியோ வரும், இங்கே எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது, இடையில் வரி மட்டும் உடைகிறது.

தம்பி, லிஸ்டோடு `+=` போட்டால், வலப்பக்கம் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து லிஸ்டில் போடு என்று அர்த்தம். வலப்பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் அதன் ஒவ்வொரு குறியும் தனித்தனித் துண்டாக உள்ளே போகும். பைதானுக்கு 'கா' என்பது இரண்டு குறிகள், க ஒன்று, கால் ஒன்று. 1,60,000 துண்டுகள் இருக்க வேண்டிய லிஸ்டில் 96 லட்சம் துண்டுகள். அவற்றுக்கு நடுவில் `"\n"` வைத்து `join` சேர்த்திருக்கிறது.

மெமரிக்கும் இதுதான் காரணம். பைதானில் தமிழ் ஸ்ட்ரிங் ஒவ்வொன்றுக்கும், உள்ளே ஒரே ஒரு குறி இருந்தாலும், 60, 70 பைட் தலைச்சுமை உண்டு. ஆங்கில எழுத்துகளுக்கு ஒற்றைக் குறிகளை முன்கூட்டியே செய்து வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும். தமிழ் எழுத்துகளுக்கு அந்தப் பங்கீடு இல்லை, ஒவ்வொரு க-வும் புதுப் பொருள். ஆங்கிலத் தரவோடு இதே தவறைச் செய்பவருக்கு இவ்வளவு மெமரி போகாது.

நீங்கள் `"\n"` வைத்தது நல்லதாகப் போயிற்று. `"".join` என்று வெறுமனே சேர்த்திருந்தால் பக்கம் சரியாகவே வந்திருக்கும், தவறு தெரியாமலே இருந்திருக்கும்.

```python
    def add(self, line):
        self.parts.append(line)

    def text(self):
        return "".join(self.parts)
```

வரியின் கடைசியில் `\n` உங்கள் `line`-இலேயே இருக்கிறதென்றால் வெறும் `""` போதும். இல்லையென்றால் `"\n".join`. ஆனால் அது துண்டுகளுக்கு நடுவில் மட்டும் வைக்கும், கடைசி வரிக்குப் பின்னால் வைக்காது.

வளவு வாசல்

சரியாகிவிட்டது ஆச்சி. அதற்குப் பிறகு இது வந்தது:

```
TypeError: sequence item 3: expected str instance, int found
```

ஐந்தொகைப் பக்கத்தில் கூட்டுத்தொகையை எண்ணாகவே `add` செய்திருந்தேன். `str()` போட்டதும் போய்விட்டது. ஆனால் பிழை `text()`-இல் வருகிறது, தவறு செய்த இடத்தில் வரவில்லை. நாலாவது துண்டு என்பதால் கண்டுபிடித்தேன், லட்சத்தாவது துண்டாக இருந்தால் தேடிக்கொண்டிருந்திருப்பேன். `+=`-இல் அந்த வரியிலேயே நின்றிருக்கும்.

செக்காலை ஆச்சி

அது உண்மைதான். சேர்ப்பது ஓரிடம், பிழை தெரிவது இன்னோரிடம் என்பது இந்த முறையின் விலை. `add` உள்ளே வருவது ஸ்ட்ரிங்தானா என்று ஒரு `isinstance` சோதனை வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தில் பெரிதாகத் தெரியாது.

தேவகோட்டை ரஸ்தா

மெமரியைப் பற்றி ஒரு கேள்வி. `join` என்றால் துண்டுகளும் இருக்கும், முடிவான ஸ்ட்ரிங்கும் இருக்கும். ஒட்டும் முறையில் ஒரே ஸ்ட்ரிங்தானே? மெமரி குறைவான மெஷினில் ஒட்டுவது மேல் என்று சொல்லலாமா?

செக்காலை ஆச்சி

ஒரே ஸ்ட்ரிங் இல்லை. நகலெடுக்கும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கும், கடைசி வரியில் 19-ம் 19-ம் 38 எம்பி. `join` முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளடக்கம் 120 பைட், தலைச்சுமை 60, 70. அப்படி 1,60,000 துண்டுகளுக்கு 30 எம்பி, முடிவான ஸ்ட்ரிங் 19, ஆக ஐம்பது எம்பி பக்கம். ஆகவே உங்கள் ஐயம் நியாயமானது, `join` சற்றுக் கூடத்தான் எடுக்கும். துண்டுகள் மிகச் சின்னதாக இருந்தால் நிறையவே கூடும், தம்பிக்கு அரை ஜிபி ஆனதைப் பார்த்தோமே.

`join`-க்குள் ஜெனரேட்டர் கொடுத்தால் மெமரி மிச்சம் என்று சிலர் நினைப்பார்கள். மிச்சமில்லை. `join` துண்டுகளை இரண்டு தடவை சுற்றி வருகிறது. முதல் சுற்றில் மொத்த நீளம் எவ்வளவு, இருப்பதிலேயே அகலமான குறி எது என்று பார்க்கும். அதற்குத் தக்க இடத்தை ஒரே முறை வாங்கி, இரண்டாவது சுற்றில் எல்லாவற்றையும் எழுதும். இரண்டு முறை சுற்ற வேண்டியிருப்பதால் ஜெனரேட்டரை முதலில் லிஸ்டாக்கிக்கொள்ளும்.

வளவு வாசல்

"அகலமான குறி" என்கிறீர்களே, அது எதற்கு? கேட்கக் காரணம், பேரேட்டில் முந்திரி, காணி, மா என்று பின்னக் குறிகள் நிறைய வருகின்றன. இதுவரை அவற்றைச் சொல்லாகவே எழுதி வந்தோம். யூனிகோடில் அவற்றுக்குத் தனிக் குறிகள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டு, ஐயா எழுதியபடியே குறியாக வைக்கலாம் என்று இருக்கிறோம்.

செக்காலை ஆச்சி

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். வரவு ௷, பற்று ௶, ரூபாய் ௹ இவை வழக்கமான தமிழ்க் கட்டத்திலேயே இருக்கின்றன, 2 பைட்டில் அடங்கும். பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடு 12-இல் வந்தவை, `U+11FC0`-இலிருந்து தொடங்கும் வேறு கட்டம். முதலில் இருப்பதே முந்திரி, 1/320. அவை 2 பைட்டில் அடங்காது, 4 வேண்டும்.

பைதான் 3.3-இலிருந்து ஒரு ஸ்ட்ரிங்கில் எல்லாக் குறிக்கும் ஒரே அகலம்தான். 96 லட்சம் குறிகளில் ஒரே ஒரு முந்திரி இருந்தாலும் முழு ஸ்ட்ரிங்கும் குறிக்கு 4 பைட்டாக, 19 எம்பி 38 எம்பியாகிவிடும். `join` இதை முதல் சுற்றிலேயே பார்த்துச் சரியான அகலத்தில் இடம் வாங்கிவிடும். ஒட்டும் முறையில், சலுகை கிடைக்கிற இடத்திலும்கூட, முந்திரி வரும் அந்த ஒரு வரியில் அதுவரை சேர்ந்தது முழுவதையும் அகலப்படுத்தி நகலெடுக்க வேண்டும். ஒரு தடவைதான் என்பதால் நேரத்தில் தெரியாது.

மெமரியில்தான் இந்த இரட்டிப்பு. யூடிஎஃப்-8 ஃபைலில் அப்படி இல்லை, முந்திரி இருக்கும் இடத்தில் மட்டும் 4 பைட், மற்ற தமிழ்க் குறிகளுக்கு வழக்கம்போல் 3. ஆகவே குறிகளைத் தாராளமாக வையுங்கள். ஐயா எழுதியது அப்படியே இருக்கட்டும்.

ஆத்தங்குடி

வெளியிலிருந்து பார்க்கிறவன் கேட்கிறேன். கடைசியில் ஃபைலில்தானே எழுதப் போகிறார்? ஒரே ஸ்ட்ரிங்காக ஏன் சேர்க்க வேண்டும்? வரி வர வர `f.write(line)` என்று எழுதிவிட்டால் லிஸ்டும் வேண்டாம், `join`-ம் வேண்டாம், முந்திரி அகலமும் அந்த ஒரு வரியோடு போய்விடும்.

செக்காலை ஆச்சி

நான் சொல்ல வந்ததும் அதுதான், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். போகுமிடம் ஃபைல் என்றால் பெரிய ஸ்ட்ரிங்கே தேவையில்லை. ஒவ்வொரு `write`-க்கும் டிஸ்குக்கு ஓடுமோ என்று பயப்பட வேண்டாம், ஃபைல் பொருளே உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும்.

தேவகோட்டை ரஸ்தா

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஆச்சி. பாதியில் பிழை வந்து நின்றால் அரைகுறைப் பக்கம் ஃபைலில் கிடக்கும். பழைய நல்ல பக்கமும் போய்விடும். லிஸ்டில் சேர்த்துக் கடைசியில் `join` பண்ணி எழுதினால், எல்லாம் சரியாக முடிந்த பிறகுதான் ஃபைலைத் தொடுகிறோம். தம்பிக்கு வந்த `TypeError`-ஐயே பாருங்கள், நேரடியாக எழுதியிருந்தால் நாலாவது வரியோடு பக்கம் நின்றிருக்கும். 19 எம்பிக்காக அந்த ஆபத்து எதற்கு?

செக்காலை ஆச்சி

ஆபத்து உண்மை. அதற்குத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் முடிந்து ஃபைலை மூடிய பிறகு `os.replace` கொண்டு பழையதன் இடத்தில் வைப்பது வழக்கம். இரண்டு ஃபைலும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேவகோட்டை ரஸ்தா

அது சரி, ஆனால் இதைப் பார்த்துக்கொள்ளப் போவது தம்பியும் அவர் சித்தப்பா மகனும். லிஸ்டும் `join`-ம் என்றால் மூன்று வரி, யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். தற்காலிக ஃபைல், மாற்றி வைப்பது என்று போனால் பாதியில் நின்ற தற்காலிக ஃபைல்களை யார் துடைப்பது? இந்த அளவுக்கு `join` போதும் என்பதே என் கருத்து. நூறு மடங்கு பெரிதானால் நீங்கள் சொல்வது சரி.

கண்டனூர்

இப்போதுதான் முழுவதும் படித்தேன், முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன். எங்களிடமும் இதைப் போன்ற வேலை ஒன்று உண்டு. ஒரு வாடிக்கையாளரின் எல்லாப் பொருள்களையும் ஒரே வரியாகக் காட்ட MySQL-இல் `GROUP_CONCAT` போட்டோம். பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வரி பாதியில் அறுந்தது. `group_concat_max_len` என்ற அளவு இயல்பாக 1024 பைட்தான் என்று பிறகு தெரிந்தது. அங்கே நேரம் கூடாது, விடையே குறையும். தம்பி பிற்பாடு இதை டேட்டாபேஸுக்கு மாற்றினால் கவனிக்கவும்.

வளவு வாசல்

கவனிக்கிறேன் அண்ணே, குறித்துக்கொண்டேன்.

இப்போதைய நிலவரம்: `append`, `join` இரண்டும் போட்டு, 80,000 வரிக்கு 0.4 விநாடி, 1,60,000 வரிக்கு 0.8. இரட்டித்தால் இரட்டிக்கிறது. பக்கத் தலைப்பில் நாலைந்து துண்டுகளை `+` போட்டே ஒட்டியிருந்தேன், அதை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்துக்கு ஒரு முறைதான் ஓடுகிறது, படிக்கவும் எளிது.

நேரடியாக `write` செய்வதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. ஒவ்வொரு பேரேட்டின் முதல் பக்கத்திலும் அந்தப் பேரேட்டின் மொத்த வரவு, மொத்தப் பற்று வர வேண்டும். அது கடைசி வரியைப் படித்த பிறகுதான் தெரியும். லிஸ்ட் என்றால் `parts[0]`-ஐ காலியாக வைத்துவிட்டு, கடைசியில் நிரப்பிவிட்டு `join` செய்துவிடலாம். இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். ஃபைலில் எழுதிவிட்டால் திரும்பப் போய் முதல் வரியை எப்படி நிரப்புவது?

செக்காலை ஆச்சி

லிஸ்டில் முதல் இடத்தை விட்டு வைத்தது நல்ல யோசனை. ஸ்ட்ரிங்காக இருந்தால் முன்னால் ஒட்ட வேண்டியிருக்கும், முன்னால் ஒட்டுவதற்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஃபைல் வழியில் போனால் பதிவுகளை இரண்டு தடவை படிக்க வேண்டும், முதல் தடவை கூட்டலுக்கு மட்டும், இரண்டாவது தடவை எழுத. படிப்பது 0.8 விநாடியில் எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். ரஸ்தா சொல்வதே உங்களுக்குப் பொருந்தலாம்.

வளவு வாசல்

இன்று இரவு அளந்து போடுகிறேன் ஆச்சி. முதல் முந்திரிக் குறியை இப்போதுதான் 412-ஆம் பதிவில் வைத்தேன். பக்கத்தில் வெற்றுச் சதுரம் மட்டும்தான் தெரிகிறது, அந்தக் குறி உள்ள எழுத்துரு என் மெஷினில் இல்லை போலிருக்கிறது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.